விடுப்பில் போகும்போது எதை மாற்றுவது: ஸ்டேட்டஸையா, பொறுப்பாளர் பெயரையா?

குழுவில் ஒருவர் ஐந்து நாள் விடுப்பில் போகிறார். அரட்டைச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் விடுமுறைக் குறி வைத்தாயிற்று. மெயிலுக்குத் தானியங்கிப் பதில் எழுதியாயிற்று. காலண்டரிலும் அடைத்தாயிற்று. எல்லோருக்கும் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு கிளம்புகிறார். மூன்றாம் நாள், பத்து நாளாக மௌனமாக இருந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் பழைய டிக்கெட்டில், அதாவது தன் புகாருக்கான பதிவில், பதில் எழுதுகிறார். அந்த டிக்கெட் விடுப்பில் இருப்பவர் பெயரில் இருக்கிறது. வாடிக்கையாளரால் நம் அலுவலக ஸ்டேட்டஸைப் பார்க்க முடியாது. டிக்கெட் அமைப்பும் அரட்டைச் செயலியின் ஸ்டேட்டஸைப் படிப்பதில்லை. சக ஊழியர்கள் பார்ப்பதோ 'பொறுப்பாளர் இல்லாதவை' என்ற வரிசையை. இதற்குத்தான் பொறுப்பாளர் இருக்கிறாரே, அதனால் அந்த வரிசையில் இது வராது. ஒருவரும் சோம்பல்படவில்லை, ஒருவரும் மறக்கவில்லை. ஆனாலும் டிக்கெட் தேங்கிவிட்டது.

விடுப்புக்கு முன் செய்யும் ஏற்பாடுகளில் நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. வெறும் ஸ்டேட்டஸ் வைப்பது ஒன்று. வேலையைப் பங்கிடும் அமைப்பே படிக்கக்கூடிய ஸ்டேட்டஸ் வைப்பது இரண்டாவது. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு மாற்றாளை நியமிப்பது மூன்றாவது. வேலையையே வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் போவது நான்காவது. பலரும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா வேலைக்கும் அதையே பூசிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் நம் பெயரில் இருக்கும் வேலைகள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை.

ஒப்பிடுவதற்கு முன் வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் இல்லாத நாட்களில் புதிதாக வந்து சேரும் வேலை முதல் வகை. ஏற்கெனவே கையில் இருந்து, நாம் தொட்டால்தான் நகரும் வேலை இரண்டாம் வகை. மூன்றாவது வகையை நான் தூங்கும் வேலை என்பேன்: நம் பெயரில் இருக்கும், ஆனால் வேறு யாருடைய பதிலுக்காகவோ காத்திருக்கும். வாடிக்கையாளர் விவரம் அனுப்ப வேண்டும், இன்னொரு துறை அனுமதி தர வேண்டும், நாம் திருத்தச் சொன்ன நிரலை எழுதியவர் திருத்தி அனுப்ப வேண்டும். கிளம்பும் அன்று பட்டியலைப் பார்த்தால் இவை எதுவும் அவசரமாகத் தெரியாது. பந்து எதிர்த்தரப்பில் இருக்கிறது என்று கண் தாண்டிப் போய்விடும். அவை விழித்துக்கொள்வது நாம் இல்லாத நாளில். கவனிக்கப்படாமல் போகும் வேலைகளில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பது என் அனுபவம். ஆகவே ஒவ்வொரு வழியையும் 'தூங்கும் வேலை விழித்தால் யார் கண்ணில் படும்?' என்ற கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

வெறும் ஸ்டேட்டஸ்

செலவில்லாத வழி இது. அரை நிமிடத்தில் வைத்துவிடலாம், தானாக அழியும் நேரத்தையும் குறித்துவிடலாம். ஆனால் ஸ்டேட்டஸ் என்று பொதுவாகச் சொல்வதற்குள் தனித்தனியான மூன்று விஷயங்கள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்லாக் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு அருகில் தோன்றும் சிறு வட்டம், நாம் கணினியில் இயங்குகிறோமா என்பதைக் காட்டுகிறது. நாம் எழுதி வைக்கும் ஸ்டேட்டஸ் வாசகமும் குறியும் வேறு. அறிவிப்புகளை நிறுத்தி வைப்பது இன்னும் வேறு. வாசகம் எழுதினால் அறிவிப்பு நின்றுவிடும் என்று எண்ணக்கூடாது. அதைத் தனியாக நிறுத்த வேண்டும்.

அந்த வட்டத்துக்குச் செய்தி மதிப்பு மிகக் குறைவு. மேசைக் கணினியில் பத்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் ஸ்லாக் நம்மை இல்லாதவராகக் காட்டும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் அது ஐந்து நிமிடம். அச்செடுத்த அறிக்கையைப் படித்துக்கொண்டு மேசையிலேயே இருப்பவரும், ஊரிலேயே இல்லாதவரும் அந்த வட்டத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். அதனால் அனுபவப்பட்ட குழுக்களில் வட்டத்தை யாரும் நம்புவதில்லை, வாசகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வாசகத்தில் இரண்டு செய்திகள் இருந்தால் போதும்: எப்போது திரும்புவோம், அதுவரை யாரைக் கேட்பது. விடுப்பின் காரணம் தேவையில்லை, அது யாருக்கும் உதவாது. 'விடுப்பில் இருக்கிறேன்' என்று மட்டும் எழுதினால் பார்ப்பவர் எதையும் முடிவு செய்ய முடியாது. காத்திருக்கலாமா, வேறு ஆளைத் தேடுவதா என்று தெரியாமல் நிற்பார். 'திங்கள் வரை இல்லை' என்பதிலும் குழப்பம் இருக்கிறது. திங்களன்று இருப்பாரா மாட்டாரா? '14-ஆம் தேதி காலை திரும்புகிறேன். கட்டணப் பிழைகள் குறித்து உதவிக் குழுவின் பொதுச் சேனலில் கேளுங்கள்' என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாது.

தானியங்கி மெயில் பதிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஜிமெயிலில் ஒரே ஆள் மீண்டும் மீண்டும் எழுதினால் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் பதில் போகும். அவுட்லுக்கில் ஒருவருக்கு ஒருமுறைதான். குழு முகவரிப் பட்டியல் வழியாக வரும் மெயிலுக்கு ஜிமெயில் பொதுவாகப் பதில் அனுப்புவதே இல்லை. எனவே நமக்கு மெயில் எழுதிய எல்லோருக்கும் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இந்த வழியின் அடிப்படைக் குறை ஒன்றே ஒன்று. ஸ்டேட்டஸைப் பார்ப்பவர் நம்மைத் தேடி வருபவர் மட்டுமே. பணிப்பட்டியலைத் திறந்து அங்கே நம் பெயரைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. புதிய வேலையில் பாதியைத் தடுக்கும். கையில் உள்ள வேலையையும் தூங்கும் வேலையையும் அது தொடவே தொடாது. ஒரு மணி நேரம், அரை நாள் என்றால் இது போதும், அதற்குமேல் எதுவும் செய்வது வீண் வேலை. முறைவைத்து அவசர அழைப்புக்குப் பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அந்த முறைப் பட்டியலில் ஒரு மணி நேரத்துக்கும் இன்னொருவர் பெயரை ஏற்றிவிட்டுத்தான் எழ வேண்டும், ஏனென்றால் எச்சரிக்கை மணி ஸ்டேட்டஸ் வாசகத்தைப் படித்துவிட்டு அடிப்பதில்லை.

அமைப்பு படிக்கும் ஸ்டேட்டஸ்

சில கருவிகளில் ஸ்டேட்டஸ் வெறும் அறிவிப்பாக நிற்பதில்லை; வேலையைப் பங்கிடும் விதியே அதைப் பார்க்கிறது. வாடிக்கையாளர் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புகளில் இது பழைய வழக்கம். டீம்ஸின் அழைப்பு வரிசையில்கூட, அதற்கான அமைப்பை இயக்கியிருந்தால், இல்லாதவர் என்று காட்டுபவருக்கு அழைப்பு போகாது. நிரல் எழுதும் குழுக்களுக்கு நன்கு பழக்கமான உதாரணம் கிட்ஹப். அங்கே ஸ்டேட்டஸ் பெட்டியில் `Busy` என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் நடப்பவை இரண்டு. உங்களைக் குறிப்பிட்டு எழுதுபவருக்கும், உங்களிடம் வேலை ஒப்படைப்பவருக்கும், உங்களிடம் மதிப்பாய்வு கேட்பவருக்கும் நீங்கள் எளிதில் கிடைக்க மாட்டீர்கள் என்ற குறிப்பு தெரியும். அடுத்து, குழுவுக்கு வரும் மதிப்பாய்வுக் கோரிக்கைகளைத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால், அது உங்களைத் தவிர்த்துவிடும்.

இந்த இரண்டாவது செயல்தான் இதை முதல் வழியிலிருந்து பிரிக்கிறது. மனிதர் யாரும் நினைவில் வைக்கத் தேவையில்லாமல் புதிய வேலை வேறு ஆளுக்குப் போகிறது. ஆனால் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லி நேரடியாக யாராவது மதிப்பாய்வு கேட்டால் அது உங்களிடமே வரும். குறிப்பு தெரியும், அவ்வளவுதான், தடை இல்லை. எந்தக் கோப்புக்கு யார் உரிமையாளர் என்று குறிக்கும் `CODEOWNERS` கோப்பில் குழுவின் பெயருக்குப் பதில் உங்கள் தனிப்பெயர் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கோப்புகளைத் தொடும் ஒவ்வொரு மாற்றமும் உங்கள் தலையில்தான் விழும். உரிமையாளரின் ஒப்புதல் கட்டாயம் என்ற விதியும் சேர்ந்திருந்து, அந்த வரியில் வேறு யார் பெயரும் இல்லாவிட்டால், நீங்கள் திரும்பும்வரை அந்தப் பக்கம் வாயில் சாத்தியதுதான். குழுவில் எல்லோருமே `Busy` என்று வைத்திருந்தால் கோரிக்கை தனி ஆள் இல்லாமல் குழுவின் பெயரிலேயே நின்றுவிடும். நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் பார்த்தால் இந்தக் காட்சி எளிதாகக் காணக் கிடைக்கும்.

பொதுவாக யாரும் எதிர்பாராத விளைவு ஒன்று திரும்பி வந்த பிறகு நடக்கிறது. கிட்ஹப் பங்கிடும் முறைகள் இரண்டு. ஒன்று சுற்றுமுறை: கடைசியாகக் கோரிக்கை பெற்று யாருக்கு அதிக நாளாயிற்றோ அவருக்கு அடுத்தது. மற்றது சுமையைச் சமன்செய்யும் முறை: எந்த 30 நாளை எடுத்தாலும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் மதிப்பாய்வு செய்திருக்க வேண்டும் என்று முயல்கிறது. பத்து நாள் கழித்து நீங்கள் `Busy` குறியை நீக்கிய கணத்தில் இரண்டு முறைகளின் கணக்கிலும் நீங்கள் கடன்பட்டவர். முதல் நாளே கோரிக்கைகள் உங்களை நோக்கித் திரும்பும். ஆகவே திரும்பும் நாளின் காலையிலேயே குறி அழியும்படி வைக்காமல், குவிந்ததைப் பார்த்து முடிக்க அரை நாளாவது விட்டு அழிப்பது நல்லது. குழுவுக்குச் சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மூன்று வகைகளில் முதல் வகைக்கு, அதாவது புதிதாக வரும் வேலைக்கு, இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஏற்கெனவே பெயரில் ஏறிவிட்டதை இது திருப்பி அனுப்பாது. பல டிக்கெட் அமைப்புகளிலும் இதே கதைதான்: 'இல்லை' என்று வைத்தால் புதிய டிக்கெட் வராது, பழையது அசையாது. வாடிக்கையாளர் பழைய டிக்கெட்டில் பதில் எழுதினால் அமைப்பின் கண்ணில் அது புதிய வேலையே அல்ல. தூங்கும் வேலை மறுபடியும் தப்பிவிடுகிறது.

மாற்றாள்

ஒப்புதல்கள் சார்ந்த வேலை உள்ள இடங்களில் இந்த வழி வேரூன்றியிருக்கிறது. சர்வீஸ்நவ் அமைப்பில் ஒரு மாற்றாளை, தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறித்து, நியமிக்கலாம். ஒப்புதல்கள், ஒப்படைக்கப்பட்ட வேலைகள், அறிவிப்புகள் ஆகியவற்றில் எவை அவருக்குப் போக வேண்டும் என்று தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். வேலை உங்கள் பெயரிலேயே இருக்கும். அவர் கண்ணிலும் படும். நாள் முடிந்ததும் ஏற்பாடு தானாகக் காலாவதியாகும். தூங்கும் வேலைக்கு இது ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்தது போன்றது, ஏனெனில் விழித்த வேலையைப் பார்க்க ஒரு கண் இருக்கிறது, அதே நேரத்தில் திரும்பி வந்து பெயர்களை மாற்றி எழுதும் வேலையும் இல்லை.

ஆனால் மாற்றாள் என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன, எஸ்ஏபி அமைப்பு அதை வெளிப்படையாகவே பிரித்து வைத்திருக்கிறது. செயலில் உள்ள மாற்றாளின் வேலைப்பெட்டிக்கு உங்கள் வேலைகள் தாமாகவே வந்து சேரும். காத்திருக்கும் மாற்றாளுக்கு அப்படி வராது. அவர் விரும்பி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உங்கள் வேலைகள் அவருக்குத் தெரியும். இரண்டாவது வகை திடீர் நோய் போன்ற எதிர்பாராத சூழலுக்கானது. திட்டமிட்ட விடுப்புக்கு அதைத் தேர்ந்துவிட்டால் பெயரளவில் மாற்றாள் இருப்பார், நடைமுறையில் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு இடங்களில் இந்த வழி சறுக்குகிறது. ஒன்று அனுமதி. மாற்றாளுக்கு அறிவிப்பு போகும், ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கவோ அந்தத் தொகைக்கு ஒப்புதல் தரவோ அவருக்கு உரிமை இருக்காது. இது அவர் பொத்தானை அழுத்தும்போதுதான் தெரியவரும், அப்போது நீங்கள் இருக்கமாட்டீர்கள். கிளம்புவதற்கு முந்தைய நாளிலிருந்தே ஏற்பாடு தொடங்கும்படி வைத்து, உண்மையான ஒரு கோரிக்கையை அவரைக் கொண்டே முடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது. இன்னொன்று அறிவிப்பு இருவருக்கும் போவது. விடுப்பில் இருப்பவர் கைபேசியில் பார்த்துவிட்டு 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விடுகிறார். மாற்றாள், இவர் பார்த்துவிட்ட அடையாளத்தைக் கண்டு 'இவரே கவனிக்கிறார் போல' என்று விடுகிறார். விடுப்பில் போனவர் அறிவிப்பை முழுக்க நிறுத்தினால்தான் மாற்றாள் முறை ஒழுங்காக வேலை செய்யும். பாதி விடுப்பு எடுப்பவர்களுக்கு இது சரிவராது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாற்றாள் வசதியே இல்லாத கருவிகளில், ஒரு சக ஊழியரைக் குறிப்பிட்ட வேலைகளுக்குப் பார்வையாளராகச் சேர்ப்பது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. அறிவிப்பு போகும், பொறுப்பு போகாது. அவரிடம் முன்பே பேசியிருந்தால் மட்டுமே பயன்.

பெயரை மாற்றுவது

நான்காவது வழி எல்லாவற்றையும்விடத் தெளிவானது, விலையும் அதிகம். வேலை யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதற்குப் பொறுப்பு. எல்லா அறிக்கையும் எல்லா வரிசையும் அதையே காட்டும். தூங்கும் வேலை விழித்தால் விழித்திருக்கும் ஒருவரிடம் போகும். விலை எங்கே என்றால், நம் தலைக்குள் இருக்கும் பின்னணி டிக்கெட்டோடு சேர்ந்து போவதில்லை. புதியவர் முதல் ஒரு மணி நேரத்தைப் பழைய கருத்துகளைப் படிப்பதில் செலவிடுவார். மூன்று நாள் விடுப்புக்காகப் பாதி முடிந்த பெரிய வேலையை இடம் மாற்றினால், அவர் புரிந்துகொள்ளும் நேரத்தில் நாம் திரும்பி வந்துவிடுவோம். திரும்பி வந்தபின் அது யாருடையது என்ற பேச்சும் எழும்.

இதைவிட மோசமான ஒரு வடிவம் உண்டு: எல்லா வேலையிலிருந்தும் பெயரை நீக்கிவிட்டுப் பொது வரிசையில் போட்டுவிடுவது. பார்வைக்கு நேர்மையாகத் தெரியும். ஆனால் பொது வரிசை வயதைக் கொண்டு அடுக்கப்பட்டிருந்தால் பாதி முடிந்த பழைய வேலை எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும். புதியதிலிருந்து பழையதாக அடுக்கியிருந்தால் அடியில் புதைந்துவிடும். எப்படியானாலும், பாதியில் நிற்கும் வேலையை விரும்பி எடுப்பவர் அரிது. குறிப்பிட்ட ஆளிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு பெயரை மாற்றுவதுதான் ஒப்படைப்பு. மற்றதெல்லாம் கைகழுவல்.

ஒரு பட்டியலை எடுத்துச் செய்து பார்ப்போம்

நிரல் மதிப்பாய்வும் வாடிக்கையாளர் பிழைகளும் இரண்டையும் கவனிக்கும் ஒருவர், வேலை நாள் ஐந்துக்கு விடுப்பில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பட்டியலை எடுக்க வேண்டும். கடைசி நாள் மாலை எடுத்தால் ஒப்படைக்க ஆள் கிடைக்காது. பணிப்பட்டியல் கருவியான ஜிராவில் இப்படித் தேடினால் அடுத்த ஒன்பது நாளுக்குள் கெடு முடியும் வேலைகள் வரும். இரண்டு நாள் முன்னதாகத் தேடுகிறோம், நடுவில் வார இறுதியும் வரும், அதனால்தான் ஒன்பது:

```
assignee = currentUser() AND statusCategory != Done AND duedate <= 9d
```

பிறகு அதிலிருந்து கெடு நிபந்தனையை நீக்கிவிட்டு மறுபடி தேட வேண்டும், ஏனென்றால் தூங்கும் வேலைகளுக்குப் பெரும்பாலும் கெடுவே குறிக்கப்பட்டிருக்காது. கிட்ஹப் பக்கம் இவை இரண்டும்:

```
is:open is:pr review-requested:@me
is:open is:pr reviewed-by:@me
```

இரண்டாவது தேடலை விட்டுவிடக்கூடாது. நாம் ஒருமுறை மதிப்பாய்வு செய்துவிட்டால் அந்தக் கோரிக்கை முதல் தேடலிலிருந்து மறைந்துவிடும். ஆனால் திருத்தச் சொல்லிவிட்டு வந்திருக்கும் மாற்றங்கள் இரண்டாவதில்தான் தெரியும்.

மொத்தம் ஒன்பது வேலைகள் கிடைத்தன என்று கொள்வோம். இரண்டுக்குக் கெடு விடுப்புக்குள்ளேயே விழுகிறது. ஒன்றை இரண்டு நாளில் முடித்துவிடலாம், முடித்துவிடுகிறார். மற்றதைக் கேட்டுச் சம்மதம் பெற்று ஒரு சக ஊழியர் பெயருக்கு மாற்றுகிறார். டிக்கெட்டிலேயே இப்படி எழுதுகிறார்: 'பிழை மீண்டும் வருவதை உறுதி செய்துவிட்டேன், காரணம் நாணய மாற்றக் கணக்கில் உள்ள முழுமைப்படுத்தல். அடுத்து செய்ய வேண்டியது சோதனை எழுதித் திருத்தத்தை இணைப்பது. பழைய கணக்குகளைத் திருத்துவதா என்ற கேள்வி நிதிக் குழுவிடம் இருக்கிறது, அவர்கள் பதில் வரும்வரை அதைத் தொட வேண்டாம்.' எங்கே நிற்கிறது, அடுத்த அடி என்ன, எதைத் தொடக்கூடாது. இந்த மூன்றாவதைத்தான் ஒப்படைப்புக் குறிப்புகளில் பலர் எழுதுவதில்லை.

இரண்டு டிக்கெட்டுகள் வாடிக்கையாளர் பதிலுக்காகத் தூங்குகின்றன. இவற்றை அவர் பெயர் மாற்றியே கொடுக்கிறார், ஆனால் தீர்க்கும் பொறுப்பைக் கொடுக்கவில்லை. 'வாடிக்கையாளர் பதில் எழுதினால், கிடைத்தது, 14-ஆம் தேதி பார்க்கிறோம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் மட்டும் எடுத்துப் பாருங்கள்' என்பது ஏற்பாடு. எதிரில் இருப்பவருக்கு மௌனம்தான் பெரிய எரிச்சல், தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள்.

ஒரு மதிப்பாய்வில் இவர் திருத்தம் கேட்டிருக்கிறார். இதுதான் மொத்தப் பட்டியலில் ஆபத்தானது. கட்டாய மதிப்பாய்வு விதி உள்ள கிளையில், ஒருவர் `Request changes` கொடுத்துவிட்டால், அவரே ஒப்புதல் தரும்வரை அல்லது உரிமை உள்ள ஒருவர் அந்த மதிப்பாய்வைத் தள்ளுபடி செய்யும்வரை இணைப்பு தடைபட்டு நிற்கும். இன்னும் இருவர் ஒப்புதல் கொடுத்தாலும் தடை போகாது. இவரே பின்னால் ஒரு சாதாரணக் கருத்து எழுதினாலும் போகாது. நிரலை எழுதியவர் திருத்திவிட்டு மறுபடி கேட்டால், கோரிக்கை இவரிடமே வரும். `Busy` என்ற குறி அதை வேறு ஆளுக்குத் திருப்பாது. ஆகவே கிளம்பும் முன் தன் மதிப்பாய்வைத் தானே தள்ளுபடி செய்து, காரணப் பெட்டியில் என்னென்ன திருத்தம் எதிர்பார்த்தார் என்று எழுதி, இன்னொருவரை மதிப்பாய்வாளராகச் சேர்க்கிறார். தள்ளுபடி செய்யும் உரிமையைச் சிலருக்கு மட்டும் என்று குழு கட்டுப்படுத்தியிருந்தால், அந்தச் சிலரில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

ஒரு வேலை ஒப்புதல்: சோதனைத் தரவுத்தளத்துக்கு அணுகல் கேட்டு வரும் கோரிக்கைகளுக்கு இவர் ஒருவரே அனுமதி தருபவர். இதற்கு மாற்றாள், நாள் குறித்து. மீதி மூன்றும் யாரும் காத்திருக்காத, கெடு தொலைவில் உள்ள வேலைகள். அவற்றைத் தொடவே இல்லை; ஒவ்வொன்றிலும் '14-ஆம் தேதிக்குப் பிறகு தொடர்வேன்' என்று ஒரு வரி மட்டும். அவற்றையும் ஒப்படைத்திருந்தால் அது கடமை உணர்வாகத் தெரிந்திருக்கும், உண்மையில் பிறர் நேரத்தை வீணாக்குவது.

கடைசியாகக் கிட்ஹப்பில் `Busy`, அரட்டையில் வாசகம், மெயிலில் பதில். ஸ்டேட்டஸ் எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறது என்பதைக் கவனியுங்கள். பழக்கத்தில் நாம் அதைத்தான் முதலில் செய்கிறோம், செய்ததும் வேலை முடிந்த உணர்வு வந்துவிடுகிறது.

தேங்கியதை யார் கண்டுபிடிப்பது

இவ்வளவு செய்தும் ஏதாவது ஒன்று நழுவும். அதைப் பிடிக்க, விடுப்பில் போகாத ஒருவர் திறந்து பார்க்கும் ஒரு வடிகட்டி குழுவில் இருக்க வேண்டும். பலர் வைத்திருப்பது, சில நாட்களாகப் புதுப்பிக்கப்படாத வேலைகளைக் காட்டும் `updated <= -3d` என்ற நிபந்தனை. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தானியங்கிச் செய்திகள், குறிச்சொல் மாற்றம், வாடிக்கையாளரே எழுதும் 'ஏதாவது ஆயிற்றா?' என்ற கேள்வி, எல்லாமே அந்தத் தேதியைப் புதுப்பித்துவிடும். யாரும் தொடாத டிக்கெட், வாடிக்கையாளர் தினமும் நினைவூட்டுகிறார் என்பதாலேயே, உயிரோடு இருப்பதாகத் தோன்றும். நிலை மாறாததைத் தேடுவது மேல்:

```
statusCategory = "In Progress" AND NOT status CHANGED AFTER -3d
```

இதுவும் முழுமையானது அல்ல. நீண்ட வேலைகள் நியாயமாகவே ஒரே நிலையில் பல நாள் இருக்கும், அவையும் பட்டியலில் வரும். ஆனால் ஐந்தாறு பேர் குழுவில் அந்தப் பட்டியல் கண்ணால் ஓட்டிவிடக்கூடிய அளவில்தான் இருக்கும். காத்திருப்பு நிலைகளை உங்கள் அமைப்பு வேறு வகையில் வைத்திருந்தால் அந்த நிலைகளின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தூங்கும் வேலைகள் அங்கேதான் இருக்கின்றன.

நாள் கணக்கில் என் தேர்வு இது. அரை நாள்வரை ஸ்டேட்டஸ் மட்டும், தானாக அழியும் நேரத்தோடு. ஓரிரு நாள் என்றால் அதோடு அமைப்பு படிக்கும் குறியும், கெடு உள்ள வேலைக்கு ஒரு பார்வையாளரும். மூன்று நாளுக்கு மேல் போனால் தூங்கும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். ஒப்புதல்களுக்கு மாற்றாள், பிறர் காத்திருக்கும் வேலைக்குப் பெயர் மாற்றம், மற்றவை அப்படியே. இரண்டு மூன்று வாரம் என்றால் பாதி முடிந்த பெரிய வேலையையும் ஒப்படைக்கத்தான் வேண்டும், புரிந்துகொள்ள ஆகும் ஒரு மணி நேரம் அப்போது நஷ்டமல்ல.

திரும்பிய அன்று முதலில் பார்க்க வேண்டியது குவிந்த மெயில் அல்ல. பெயர் மாற்றிக் கொடுத்த வேலைகளைத் திறந்து, எதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், எது அவர்களிடமே இருக்கட்டும் என்று அன்றே எழுதிவிட வேண்டும். முடிவு தெரியும்வரை அந்த டிக்கெட்டை இருவருமே தொடமாட்டார்கள்.